முதலில் தாள், பிறகுதான் தொகை

குமணன்சாவடியில் மவுன்ட் - பூந்தமல்லி சாலையிலிருந்து குன்றத்தூருக்குப் பிரியும் இடத்தில் கூட்டம் குறையும் நேரமே கிடையாது. மேலே மெட்ரோ பாலம், கீழே பேருந்தும் ஷேர் ஆட்டோவும், இரண்டு பக்கமும் டிபன் கடை, பூக்கடை, பழக்கடை. கடை வாசலில் ஸ்கேன் செய்யும் அட்டை வந்துவிட்டாலும் கல்லாவில் இன்னும் நோட்டு விழுந்துகொண்டுதான் இருக்கிறது. அதுவும் ஐநூறாக மட்டும் விழுவதில்லை. பத்து, இருபது, ஐம்பது, எண்ணெய்க் கறை படிந்த நூறு என்று கலந்து விழுகிறது. அந்தப் பணம் ஒருநாள் வங்கிக்குப் போக வேண்டும். அங்கே முதலில் கைக்கு வருவது செலான்.

முதன்முறை பணம் கட்ட வருபவர்கள் செலானை எப்படி எழுதுகிறார்கள் என்று கவுன்ட்டருக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்று பார்த்தாலே தெரியும். மேலிருந்து தொடங்குவார்கள். தேதி, பெயர், கணக்கு எண். அடுத்து, வீட்டிலிருந்து புறப்படும்போது மனதில் இருந்த தொகையைப் பெரிதாக எழுதிவிடுவார்கள். கடைசியில்தான் நோட்டு விவரம் கேட்கும் அந்தச் சின்னக் கட்டம் கண்ணில் படும். அப்போது பையைத் திறந்து, வரிசையில் நின்றபடியே எண்ணி, ஏற்கெனவே எழுதிய தொகைக்குக் கணக்கு ஒத்துவருமாறு கட்டத்தை நிரப்புவார்கள். இந்த வரிசையே தவறு. நோட்டு விவரக் கட்டம் முதலில், அதன் கூட்டுத்தொகை இரண்டாவது, அதை எழுத்தால் எழுதுவது மூன்றாவது. இப்படி எழுதினால் செலானில் வரும் பெரும்பாலான பிழைகளுக்கு இடமே இருக்காது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

2025-26 நிதியாண்டில் ஒரு நாள் என்று வைத்துக்கொள்வோம். குமணன்சாவடியில் டிபன் கடை நடத்தும் ஒரு அக்கா, சீட்டு எடுத்த பணத்தையும் கடையில் சேர்த்த பணத்தையும் சேமிப்புக் கணக்கில் கட்டப் போகிறார். இதுவரை அவர் கணக்கில் வந்ததெல்லாம் அரசு போட்ட உதவித்தொகையும் மகன் அனுப்பியதும்தான். தானே கொண்டுபோய்ப் பணம் கட்டுவது இதுதான் முதல்முறை.

முதல் வேலையை அவர் வீட்டிலேயே முடித்துவிடலாம். நோட்டுகளை வகைவாரியாகப் பிரித்து, எல்லாத் தாளும் ஒரே பக்கம் பார்க்கும்படி அடுக்க வேண்டும். ஒரு வகையில் நூறு தாள் சேர்ந்தால் அது ஒரு கட்டு. ரப்பர் பேண்டு போட்டால் போதும். பின் அடிக்கக் கூடாது. நோட்டுக் கட்டுகளுக்கு ஸ்டேப்ளர் பின் அடிப்பதை நிறுத்தும்படி ரிசர்வ் வங்கி 2001-லேயே வங்கிகளுக்கு உத்தரவிட்டது. பின் குத்திய ஓட்டை அடுத்தடுத்து எடுக்கும்போது கிழிசலாகிறது. எண்ணும் மெஷினிலும் சிக்குகிறது. நோட்டின் மேல் "84 தாள்" என்று பேனாவால் குறித்துக்கொள்ளும் பழக்கமும் வேண்டாம். தனித் துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொள்வதே நல்லது.

அந்தத் துண்டுக் காகிதத்தில் இவருக்கு வந்த கணக்கு இது. ஐநூறு ரூபாய் 84 தாள், அது 42,000. இருநூறு 37 தாள், 7,400. நூறு 86 தாள், 8,600. ஐம்பது 43 தாள், 2,150. இருபது 29 தாள், 580. பத்து 35 தாள், 350. இவை தவிர பத்து ரூபாய் நாணயம் 30, அது 300. எல்லாம் சேர்த்து 61,380 ரூபாய்.

செலானில் உள்ள கட்டம் இதையேதான் கேட்கிறது. இடப்பக்கம் 500, 200, 100 என்று அச்சிட்டிருப்பார்கள். நடுவில் எத்தனை தாள் என்று எழுத வேண்டும். வலப்பக்கம் பெருக்கி வந்த தொகை. சில வங்கிகளின் செலானில் இந்தக் கட்டம் முன்பக்கத்திலேயே இருக்கும், சிலவற்றில் பின்பக்கம் போயிருக்கும். பழைய செலானாக இருந்தால் 2000 என்ற வரியும் மிச்சமிருக்கலாம். அதைக் காலியாக விட்டுவிடலாம். நாணயத்துக்குப் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும், அங்கே மொத்தம் 300 என்று எழுதினால் போதும்.

இந்தக் கட்டம் கேஷியரின் வசதிக்காக மட்டும் இருப்பதில்லை. பணம் கட்டுபவரின் கையெழுத்தில், "இத்தனை தாளை இன்னின்ன வகையில் கொடுத்தேன்" என்று இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான். நாளைக்கு ஐநூறு ரூபாய் குறைகிறது என்ற பேச்சு வந்தால், 61,380 என்ற மொத்த எண்ணை வைத்துக்கொண்டு எதையும் தேட முடியாது. 84 என்ற எண் இருந்தால் தேடலாம். கேஷியரும் நாள் முடிவில் தன் கையிருப்பை வகைவாரியாகத்தான் ஒப்பிடுகிறார். இரண்டு கணக்கும் அங்கேதான் சந்திக்கும்.

கணக்கு எண்ணும் பெயரும்

அடுத்து கணக்கு எண். இதை நினைவிலிருந்து எழுதக் கூடாது, பாஸ்புக்கைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத வேண்டும். வங்கிக்கு வங்கி இலக்கங்களின் எண்ணிக்கை மாறும். ஸ்டேட் வங்கியில் 11 இலக்கம், இந்தியன் ஓவர்சீஸ் வங்கியில் 15. ஸ்டேட் வங்கிப் பாஸ்புக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. கணக்கு எண்ணுக்குப் பக்கத்தில் சிஐஎஃப் எண் என்று ஒன்று அச்சாகியிருக்கும். அது வாடிக்கையாளருக்கான எண். அதற்கும் 11 இலக்கம்தான். புதியவர்கள் அதை எடுத்து எழுதிவிடுவது உண்டு. எண்ணுக்குப் பக்கத்தில் என்ன தலைப்பு அச்சாகியிருக்கிறது என்று ஒருமுறை படித்துவிட்டு எழுதினால் இந்தக் குழப்பம் வராது.

பெயரைப் பாஸ்புக்கில் இருப்பதுபோலவே எழுத வேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயரோ கடைப் பெயரோ உதவாது. கேஷியர் எண்ணைத் தட்டியதும் திரையில் வரும் பெயரும் செலானில் உள்ள பெயரும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். ஓர் இலக்கம் மாறிப் பணம் வேறொருவர் கணக்குக்குப் போகப் பார்த்தால், அதைத் தடுக்கும் வாய்ப்பு அந்தப் பெயரில்தான் இருக்கிறது. பிழையான கணக்கில் பணம் ஏறிவிட்டால் அதைத் திரும்ப வாங்க அலைய வேண்டியிருக்கும். கைபேசி எண்ணையும் எழுதிவிட வேண்டும்.

இதையெல்லாம் தமிழில் எழுதலாமா என்ற தயக்கம் பலருக்கும் இருக்கிறது. ஆங்கிலம் தெரிந்த யாரையாவது தேடிப்போய், முகம் தெரியாதவரிடம் பாஸ்புக்கையும் பணப்பையையும் காட்டி நிற்பவர்கள் இன்றும் உண்டு. அது தேவையே இல்லை. கணக்குத் தொடங்கும் படிவம், செலான், பாஸ்புக் உட்பட வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் அச்சுப் படிவங்கள் எல்லாம் ஆங்கிலம், இந்தி, வட்டார மொழி ஆகிய மூன்றிலும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு இட்டிருக்கும் விதி. தமிழ்நாட்டுக் கிளையில் தமிழ் இல்லாத செலான் மட்டும் இருந்தால், தமிழ்ச் செலான் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. நிரப்ப உதவி வேண்டுமென்றால் வங்கி ஊழியரிடம் கேட்க வேண்டும். வரிசையில் நிற்கும் அந்நியரிடம் பணத்தைக் காட்டிக் கேட்கக் கூடாது.

தொகையை எழுத்தால் எழுதும்போது கோட்டின் இடது ஓரத்திலிருந்தே தொடங்கி "அறுபத்தோராயிரத்து முன்னூற்று எண்பது ரூபாய் மட்டும்" என்று முடித்து, மிச்ச இடத்தில் ஒரு கோடு இழுத்துவிடலாம். எண்ணால் எழுதுவதற்குப் பின்னால் ஒரு சாய்கோடும் சிறு கோடும் போடுவதும் அதற்காகத்தான். இடையில் யாரும் ஓர் எண்ணைச் செருகிவிடக் கூடாது.

செலான் இரண்டு பகுதியாக இருக்கும். ஒன்று வங்கிக்கு, மற்றொன்று முத்திரை போட்டுக் கிழித்துத் தரும் கவுன்ட்டர்ஃபாயில். அவசரத்தில் பெரிய பகுதியை மட்டும் ஒழுங்காக எழுதி, சின்னத் துண்டில் தொகையை மட்டும் கிறுக்கிவிடுகிறார்கள். வீட்டுக்கு வரப்போவது அந்தச் சின்னத் துண்டுதான். அதில் தேதி, பெயர், கணக்கு எண், தொகை நான்கும் முழுசாக இருக்க வேண்டும். இடமிருந்தால் அதன் பின்பக்கம் நோட்டு விவரத்தையும் எழுதிவைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

ஐம்பதாயிரம் என்ற கோடு

61,380 என்ற தொகை எழுதியதும் பான் எண் கேட்கும் இடம் முக்கியமாகிவிடுகிறது. 2025-26 நிதியாண்டில் நடப்பில் இருந்த 1962 வருமான வரி விதிகளில் 114பி என்ற விதியின்படி, ஒரே நாளில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கட்டினால் பான் எண் குறிப்பிட வேண்டும். சரியாக 50,000 என்றால் வேண்டியதில்லை, அதைத் தாண்டினால்தான். "ஒரே நாளில்" என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். காலையில் 30,000, மாலையில் 31,380 என்று இரண்டு செலானாகக் கட்டினாலும் அந்த நாளின் கணக்கு 61,380தான்.

பான் எண் பத்து இடம் கொண்டது. முதல் ஐந்தும் எழுத்து, அடுத்த நான்கும் எண், கடைசி ஒன்று எழுத்து. தனிநபர் என்றால் நான்காவது எழுத்து ஆங்கிலத்தில் 'பி'. வட்டமாக இருக்கும் ஓர் உரு எழுத்தா, சுழியமா என்ற சந்தேகம் வந்தால் அது எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். தவறான பான் எண்ணைத் தெரிந்தே குறிப்பிட்டால் 10,000 ரூபாய் அபராதம் விதிக்க 1961 வருமான வரிச் சட்டம் இடம் தந்தது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுவதே சரி.

பான் அட்டையே இல்லாதவருக்கும் வழி இருக்கிறது. அந்த நிதியாண்டில் அதற்கு இருந்தது படிவம் 60 என்ற உறுதிமொழிப் படிவம்; அதை அதே கிளையில் வாங்கி நிரப்பிக் கொடுக்கலாம். பெயர், முகவரி, ஆதார் எண், ஆண்டு வருமானத்தின் மதிப்பீடு ஆகியவற்றை அது கேட்கும். 2019 செப்டம்பர் 1 முதல் பான் எண்ணுக்குப் பதிலாக ஆதார் எண்ணைக் குறிப்பிடவும் சட்டம் அனுமதித்தது. பணத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டிய நிலை யாருக்கும் இல்லை.

இருந்தும் இந்தக் கோட்டைப் பார்த்துப் பயந்து 49,000 இன்று, 12,000 நாளைக்கு என்று பிரித்துக் கட்டும் பழக்கம் கடைத்தெருவில் பரவலாக இருக்கிறது. பான் எண் எழுதியதாலேயே வரி வந்துவிடாது. சீட்டுப் பணமும் கடைச் சேமிப்பும் எங்கிருந்து வந்தன என்று சொல்ல முடிகிறவருக்கு அந்த எண்ணால் எந்தக் கெடுதலும் இல்லை. பிரித்துக் கட்டுவதாலும் எதுவும் மறைவதில்லை. சேமிப்புக் கணக்கில் ஒரு நிதியாண்டில் மொத்தம் 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் சேர்ந்தால் வங்கி அதை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கிறது. வரம்புக்குச் சற்றுக் கீழே திரும்பத் திரும்ப வரும் தொகைகளைச் சந்தேகத்தோடு பார்ப்பதும் வங்கிகளின் கண்காணிப்பில் அடங்கும். நேர்மையான பணத்தை ஒளித்துக் கட்டுவதுபோல் கட்ட வேண்டிய அவசியம் என்ன?

1961 சட்டத்துக்குப் பதிலாக 2025 வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வரும் நாள் 2026 ஏப்ரல் 1. அதோடு விதிகளும் படிவங்களும் மாறுகின்றன. அந்தத் தேதிக்குப் பிறகு பெரிய தொகை கட்டப் போகிறவர், அன்றைய வரம்பு என்ன, எந்தப் படிவம் என்று விசாரணைக் கவுன்ட்டரில் கேட்டுவிட்டுச் செலானை எழுதலாம்.

டிபன் கடை அக்காவுக்கு இன்னொரு தடையும் வரலாம். முறையான அடையாள ஆவணம் இல்லாமல் புகைப்படமும் கையெழுத்தும் மட்டும் கொடுத்துத் தொடங்கிய கணக்கை வங்கிகள் "சிறு கணக்கு" என்ற வகையில் வைத்திருக்கும். அதில் எந்த நேரத்திலும் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஓர் ஆண்டில் மொத்த வரவு ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது. செலானை எவ்வளவு சரியாக எழுதியிருந்தாலும் 61,380 அந்தக் கணக்கில் ஏறாது. ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், நூறு நாள் வேலை அட்டை ஆகியவற்றில் ஒன்றைக் கொடுத்துக் கணக்கை முழுக் கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் எடுத்து நீட்டும் ரேஷன் கார்டு அந்தப் பட்டியலில் இல்லை. அதை மட்டும் நம்பிப் போகிறவர்கள் இன்னொரு முறை அலைய வேண்டியிருக்கும்.

2016-ல் நடந்தது

செலானில் எழுதுவது எவ்வளவு தூரம் பின்தொடர்ந்து வரும் என்பதை இந்த நாடு முழுவதும் ஒரே நேரத்தில் கண்டது 2016-ல்தான். நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டதும், வங்கிக்குள் நுழைந்தே பழக்கமில்லாத லட்சக்கணக்கானோர் செலானோடு வரிசையில் நின்றார்கள். ஒரு நாளைக்கு 50,000 என்ற பான் வரம்போடு, நவம்பர் 9 முதல் டிசம்பர் 30 வரையிலான மொத்தம் இரண்டரை லட்சத்தைத் தாண்டினாலும் பான் வேண்டும் என்று இடையில் ஒரு விதி வந்தது. டிசம்பர் 19 அன்று, 5,000 ரூபாய்க்கு மேல் பழைய நோட்டு கட்ட வருபவர் இவ்வளவு நாள் ஏன் கட்டவில்லை என்று வங்கி அதிகாரிகள் இருவர் முன்னிலையில் விளக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. இரண்டே நாளில், டிசம்பர் 21 அன்று, அதைத் தளர்த்தியது.

அந்த நாட்களில் ஏழைகளின் ஜன்தன் கணக்குகளில் பிறர் பணத்தைப் போட்டு எடுக்கும் வேலையும் நடந்தது. "உன் கணக்கில் இரண்டு லட்சம் போட்டு வை, அப்புறம் கொஞ்சம் வச்சுக்கோ" என்று முதலாளிகளும் தெரிந்தவர்களும் கேட்டார்கள். அதே நவம்பர் 1-ல்தான் திருத்தப்பட்ட பினாமிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. அதன்படி ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பணத்தின் சொந்தக்காரருக்கு மட்டுமில்லை, கணக்கைக் கொடுத்தவருக்கும். 2017 ஜனவரி 31-ல் வருமான வரித் துறை "ஆபரேஷன் க்ளீன் மணி" என்ற பெயரில், வருமானத்துக்குப் பொருந்தாத ரொக்கம் கட்டியதாகத் தோன்றிய சுமார் 18 லட்சம் பேரிடம் விளக்கம் கேட்கத் தொடங்கியது. அன்றைக்கு எதைக் கட்டினோம், எங்கிருந்து வந்தது என்று துண்டுச் சீட்டாவது வைத்திருந்தவர்களுக்குப் பதில் சொல்வது எளிதாக இருந்திருக்கும்.

அந்தப் பாடம் இன்றும் பொருந்துகிறது. மோசடிப் பணத்தைக் கைமாற்ற, "உங்க அக்கவுண்ட்ல கட்டி எடுத்துத் தாங்க, கமிஷன் தரேன்" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். செலானில் கையெழுத்துப் போடுகிறவர்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் என்பதால், தனக்குச் சொந்தமில்லாத பணத்தைத் தன் கணக்கில் கட்ட யாரும் ஒப்புக்கொள்ளக் கூடாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

அக்கா கவுன்ட்டருக்கு வந்துவிட்டார். பணத்தையும் செலானையும் உள்ளே கொடுத்த பிறகு கண்ணை எடுக்கக் கூடாது. எண்ணும் மெஷினின் எண் வாடிக்கையாளருக்கும் தெரியும்படி இருக்க வேண்டும். மெஷின் நின்றதும் வரும் எண்ணைச் செலானில் எழுதிய எண்ணோடு மனதுக்குள் ஒப்பிட்டுக்கொண்டே போகலாம்.

"அக்கா, ஐநூறு எத்தனை எழுதியிருக்கீங்க?"

"எண்பத்து நாலு சார்."

"எண்பத்து மூணுதான் எடுத்துக்க முடியும். இது ஓரம் போயிருக்கு பாருங்க."

வெளியே வந்த தாளின் ஒரு மூலை இல்லை. அதை மறைத்து டேப் ஒட்டியிருக்கிறது. கடை நெரிசலில் யாரோ கொடுத்துவிட்டுப் போனது. இந்த இடத்தில் மூன்று வகை நோட்டைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அழுக்கான நோட்டும், இரண்டாகக் கிழிந்து இரண்டு துண்டும் முழுசாக இருக்கும் நோட்டும் ஒருவகை. அவற்றை எந்தக் கிளையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு பகுதி காணாமல் போனது அடுத்த வகை. அதற்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை அளவுதான் முடிவு செய்யும். 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டில், மிச்சமுள்ள பெரிய துண்டு மொத்தப் பரப்பில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழு மதிப்பு. 40 முதல் 80 சதவீதம் வரை என்றால் பாதி. அதற்கும் கீழே என்றால் ஒன்றுமில்லை. இப்போதைய 500 ரூபாய் நோட்டு 15 சென்டிமீட்டர் நீளம், 6.6 சென்டிமீட்டர் அகலம். பரப்பு 99 சதுர சென்டிமீட்டர். அக்காவின் தாளில் இரண்டுக்கு மூன்று சென்டிமீட்டர் மூலைதான் போயிருக்கிறது என்றால் ஆறு சதுர சென்டிமீட்டருக்குள்தான் இழப்பு. 93 மிச்சமிருப்பதால் முழு 500 ரூபாயும் அவருக்கு உண்டு. ஆனால் அதை மாற்றித் தருவது தனி வேலை, செலானில் சேர்க்க முடியாது. தனியே கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றாவது வகை கள்ள நோட்டு. அதைத் திருப்பிக் கேட்கவும் முடியாது, கேஷியர் திருப்பித் தரவும் கூடாது. அதன்மேல் கள்ள நோட்டு என்று முத்திரை குத்தி வைத்துக்கொள்வார்; கணக்கில் அந்தத் தொகை ஏறாது. அதற்கு வரிசை எண்ணிட்ட ஒப்புகைச் சீட்டு ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். ஒரே பரிவர்த்தனையில் நான்கு தாள் வரை என்றால் வங்கி மாதாந்தர அறிக்கையில் காவல் துறைக்குத் தெரிவிக்கும். ஐந்தோ அதற்கு மேலோ என்றால் முதல் தகவல் அறிக்கை பதிவாகும். முன்பின் தெரியாமல் ஒரு கள்ள நோட்டு மாட்டிக்கொண்ட கடைக்காரர் பயந்து அதை வேறொருவரிடம் தள்ளிவிடுவதுதான் குற்றம். வங்கியில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்வதில் அவருக்கு அந்த நோட்டின் மதிப்பு மட்டுமே இழப்பு.

ஒரு தாள் வெளியே வந்துவிட்டதால் அக்காவின் செலான் இப்போது தவறாகிவிட்டது. 84-ஐ அடித்து 83 ஆக்கி, 61,380-ன் மேல் இன்னொரு எண்ணை ஏற்றி எழுதுவதைவிடப் புதுச் செலான் எழுதுவதே பாதுகாப்பு. ஐநூறு 83 தாள், 41,500; மொத்தம் 60,880; எழுத்தால் அறுபதாயிரத்து எண்ணூற்று எண்பது ரூபாய் மட்டும். இரண்டு நிமிட வேலைதான். அடித்தல் திருத்தல் உள்ள செலான் பின்னாளில் யாருக்கும் உறுதியான சான்றாக நிற்காது.

பத்து ரூபாய் நாணயங்களை அவர் கொடுக்கும்போது கவுன்ட்டரில் தயக்கம் வரலாம். இந்த நாணயம் செல்லாது என்ற வதந்தி தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. தருமபுரி மாவட்டத்தில் ஒருவர் 2022-ல் ஆறு லட்சம் ரூபாய்க்குப் பத்து ரூபாய் நாணயமாகவே கொண்டுபோய் கார் வாங்கியதும் அந்த வதந்திக்கு எதிராகத்தான். 14 வடிவங்களில் வெளியான பத்து ரூபாய் நாணயங்கள் அனைத்தும் செல்லும் என்று 2018 ஜனவரி 17-ல் ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்தியிருக்கிறது. வங்கிகள் நாணயத்தை மறுக்கக் கூடாது என்பதும் அதன் உத்தரவு. 30 நாணயம் ஒரு சுமையே இல்லை. பெரிய அளவில் இருந்தால் நூறு நூறாகப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுபோனால் எண்ணுவது எளிது.

வரிசையைப் பார்த்துவிட்டு வாசலில் உள்ள பணம் போடும் மெஷினுக்குப் போகலாமா என்றால், இந்தப் பணத்துக்கு அது சரிவராது. ஐம்பது, இருபது, பத்து, நாணயம் எதையும் அது வாங்குவதில்லை. ஸ்டேட் வங்கி மெஷினில் ஒருமுறைக்கு 200 தாள்தான். அட்டை இல்லாமல் போட்டால் 49,900 ரூபாய் வரைதான். அக்காவிடம் ஐநூறும் இருநூறும் நூறும் மட்டுமே இருநூறைத் தாண்டுகிறது. கலந்து கிடக்கும் கடைப் பணத்துக்குக் கவுன்ட்டர்தான் இடம்.

கேஷியர் கவுன்ட்டர்ஃபாயிலைக் கிழித்துத் தரும்போது அதில் மூன்று விஷயம் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்க்க வேண்டும்: வங்கியின் முத்திரை, தேதி, வாங்கியவரின் கையெழுத்து. கைபேசிக்கு வரவுக் குறுஞ்செய்தி வருவது நல்லதுதான், ஆனால் அது கவுன்ட்டர்ஃபாயிலுக்கு மாற்றாகாது. பாஸ்புக்கில் வரவு பதிவாகிவிட்டதா என்று முடிந்தால் அன்றே அச்சடித்துப் பார்த்துவிட வேண்டும்.

தொகை குறைந்திருந்தாலோ ஏறவே இல்லை என்றாலோ முதலில் கிளை மேலாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, அதற்கும் ஒப்புகை வாங்கிக்கொள்ள வேண்டும். கவுன்ட்டரில் இருக்கும் கேமரா பதிவையும் அன்றைய ரொக்கக் கணக்கையும் ஒப்பிடும்படி அதில் கேட்கலாம். பதிவு எவ்வளவு நாள் இருக்கும் என்பது உறுதியில்லாததால் தாமதிக்கக் கூடாது. முப்பது நாளுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமில்லாமல் முறையிடலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. புகாரோடு கவுன்ட்டர்ஃபாயிலின் படத்தை இணைக்க வேண்டும். அதன் பின்பக்கம் ஐநூறு 83, இருநூறு 37 என்று எழுதிவைத்திருந்தால் அந்தப் பக்கத்தையும் சேர்த்தே படம் எடுத்து அனுப்ப வேண்டும்.